"ஊர் சுவை வந்தாச்சு"ன்னு மட்டும் போட்டா சரக்கு விக்காது

எங்க காக்கா, அதான் அண்ணன், துபாய்ல மளிகைக்கடை வச்சிருக்காங்க, சரக்கு இறங்குற அன்னைக்கு அங்கேருந்து போட்டோ வரும், இன்ஸ்டாவுக்கும் ஸ்டேட்டஸுக்கும் எழுதிக் குடுக்குறது கீழக்கரையில உக்காந்திருக்குற நான்தான்.

முதல்ல எழுதினது, "மண் மணக்கும் ஊர் சுவை! ஸ்நாக்ஸ், மசாலா எல்லாம் வந்தாச்சு!" லைக் நல்லா விழுந்துச்சு, ஆனா யாவாரம் இல்ல. ஏன்னா இன்ஸ்டால முதல் ஒன்றரை வரிதான் தெரியும், மிச்சத்த தொட்டாத்தான் விரியும், அந்த இடத்த நான் மண் மணத்துக்கே செலவு பண்ணிட்டேன். சரக்கு பேருதான் முதல்ல நிக்கணும்.

அடுத்த தடவ "ராம்நாடு மிளகாய்"னு போட்டேன். ஒரு அக்கா நீட்டு சம்பா மிளகாய்னு நெனச்சு வாங்கிட்டுப் போய், பிரிச்சுப் பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க, அவங்க மேல தப்பில்ல. நம்ம ஊருது முண்டு, அதான் குண்டு மிளகாய், உருண்டையா, தோலு தடியா இருக்கும், காதுகிட்ட வச்சு குலுக்கினா விதை கலகலன்னு சத்தம் கேக்கும். இப்ப இதையே கேப்ஷன்ல எழுதிர்றேன். ஆனா ஒண்ணு, ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருச்சு, அதனால வேற ஊரு குண்டு மிளகாய உள்ள போட்டுட்டு அந்தப் பேர வெளிய எழுதக்கூடாது. மூட்டை எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலன்னா "குண்டு மிளகாய்"னு மட்டும் போடுங்க, போதும்.

தொதலுக்கு "ஃப்ரெஷ்"னு எழுதினது அதவிட மோசம். அது தேங்காப்பால்ல கிண்டுற பண்டம், நாளாக ஆக காறல் வாடை அடிச்சிரும். கடைக்கு வந்த நாள் வேற, இங்க கிண்டுன நாள் வேற, வாங்குறவங்களுக்கு வேண்டியது ரெண்டாவதுதான்.

பெரிய கண்டம் தப்புனது கசகசாவுல. ஊர்ல உள்ள மசாலா லிஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணிட்டேன், பட்டை, கிராம்பு, கசகசான்னு. அனுப்புன உடனே காக்கா ஃபோன்ல கத்துனாங்க, "ஏலே, அத முதல்ல தூக்கு, இங்க அது போதைப்பொருள் கேஸு!" அமீரகத்துல கசகசாவுக்கு தடை, விக்கவும் கூடாது கையில கொண்டு போகவும் கூடாது. கடையில அது ஒரு கிராம்கூட இல்ல, கேப்ஷன்ல மட்டும் இருந்துச்சு! மசாலா பொடி பாக்கெட்டுன்னாலும் பின்னாடி என்னென்ன சேத்திருக்குன்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் இப்ப பேரு எழுதுறேன்.

போன வாரம் போட்டது இது:

"ராமநாதபுரம் முண்டு மிளகாய், அரை கிலோ 18 திர்ஹம். கீழக்கரை தொதல், கால் கிலோ 15 திர்ஹம், கிண்டுனது திங்கக்கிழமை, 20 பாக்கெட்தான் இருக்கு. கருப்பட்டி இன்னும் வரல."

கருப்பட்டி வரி எதுக்குன்னு காக்கா கேட்டாங்க. அத போடலன்னா அன்னைக்கு பூரா "கருப்பட்டி இருக்கா"ன்னுதான் ஃபோன் வரும், முன்னாடி வந்துச்சே.