அப்பாவின் மூக்கடைப்பும் கவுன்டரில் கேட்ட அடையாள அட்டையும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்ற அக்டோபரில் அப்பா ஊரிலிருந்து எங்களோடு இருக்க நியூஜெர்சி வந்தார். வயது 68. பல வருடமாக பிபி இருக்கிறது. காலையில் டெல்மிசார்டான் 40, இரவில் ஆம்லோடிபின் 5. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்ததால் தினமும் ஆஸ்பிரின் 75. வந்த மூன்றாம் நாள் சளி பிடித்தது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, இரவு முழுக்க வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். ஒவ்வாமை மாத்திரைகள் இருக்கும் இடத்தில், எனக்கு வேண்டிய வகைக்கு மட்டும் பெட்டிக்குப் பதிலாக ஒரு அட்டை தொங்கியது. அதைக் கொண்டுபோய் மருந்தாளுநரின் கவுன்டரில் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை வாங்கி ஸ்கேன் செய்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பெட்டியைக் கொடுத்தார்கள். இவ்வளவு சரிபார்த்துத்தானே தருகிறார்கள், ஆபத்தாக ஏதும் இருக்காது என்று நினைத்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் பலரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சரிபார்ப்புக்கும் பிபிக்கும் சம்பந்தமே கிடையாது.

அந்தப் பெட்டியில் இருந்த மருந்தின் பெயர் சூடோஎஃபெட்ரின். மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளை இதிலிருந்து காய்ச்ச முடியும். அதனால் 2006-லிருந்து அமெரிக்கா முழுக்க இது கவுன்டருக்குப் பின்னால் போய்விட்டது. ஒருவருக்கு ஒரு நாளில் 3.6 கிராம், 30 நாளில் 9 கிராம், அதற்கு மேல் விற்கக் கூடாது. அடையாள அட்டை கேட்பது அந்தக் கணக்குக்காகத்தான். வாங்குகிறவர் யார், எவ்வளவு வாங்கினார் என்று மட்டும் பதிவாகும். யார் சாப்பிடப் போகிறார், அவருக்கு ஸ்டென்ட் இருக்கிறதா என்று நாமாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

நான் வாங்கியது 12 மணி நேரம் வேலை செய்யும் வகை. ஒரு மாத்திரையில் 120 மில்லிகிராம் சூடோஎஃபெட்ரின். அப்பா காலையில் ஒன்று, இரவு ஒன்று போட்டுக்கொண்டார். மூக்கு திறந்துவிட்டது, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவில் எழுந்து ஹாலில் நடந்துகொண்டிருந்தார். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுப்பா, ஒன்னுக்கும் சரியா போகல" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த பிபி கருவியை எடுத்தோம். வழக்கமாக 130-ஐ ஒட்டி இருக்கிறவருக்கு 168/96. நாடித்துடிப்பு 104. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து மறுபடி பார்த்தோம், 164. நெஞ்சு வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை.

இன்ஷூரன்ஸ் அட்டையின் பின்பக்கம் இருந்த செவிலியர் எண்ணைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே சளிக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதுதான். அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், பிபி மாத்திரையைக் கூடுதலாகவும் கொடுத்துவிடாதீர்கள், அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள், காலையில் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார். மெதுவாகக் கரையும் மாத்திரை என்பதால் நிறுத்தியதும் உடனே இறங்கவில்லை. காலையில் 148, மாலையில் 134.

ஏன் இப்படி ஆகிறது? சளி பிடிக்கும்போது மூக்கு அடைப்பது சளியால் மட்டும் அல்ல. மூக்கின் உள்சவ்வில் இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து, சவ்வே வீங்கி வழியை அடைத்துக்கொள்கிறது. சூடோஎஃபெட்ரின் அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது, வழி திறக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் போகும் மாத்திரைக்கு மூக்கு எது, மற்ற உறுப்பு எது என்று தெரியாது. உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் வேகமாக அடிக்கும். ஆம்லோடிபின் குழாயைத் தளர்த்தப் பார்க்கும்போது இது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. புரோஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை வாயையும் இறுக்கிவிடும். அப்பாவின் இரண்டாவது புகாருக்கு அதுதான் காரணம்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். 2005-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, சூடோஎஃபெட்ரினால் மேல் அளவு சராசரியாக 1 புள்ளிதான் ஏறுகிறது என்று காட்டியது. பிபி கட்டுக்குள் இருக்கும் பலருக்கு பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மை. ஆனால் சராசரி என்பது எல்லோரையும் கூட்டி வகுத்தது. அதற்குள்ளேயே நன்றாக ஏறியவர்களும் இருந்தார்கள், நம் வீட்டில் இருப்பவர் அதில் யார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் ஆனவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே சரி. பிபி கட்டுக்குள் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சரி, கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பிராண்டு பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பெயரில், ஒரே நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் நாலு வகை இருக்கும். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். கிளாரிடின் வேறு, கிளாரிடின்-டி வேறு. ஜிர்டெக், அலெக்ரா, மியூசினெக்ஸ் எல்லாவற்றிலும் இந்த 'டி' வகை உண்டு. அந்த ஒற்றை 'டி' என்றால் மூக்கடைப்பு மருந்து கலந்திருக்கிறது என்று பொருள். 'டிஎம்' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன், அது வேறு சங்கதி. பல பெட்டிகளில் எழுத்தே இருக்காது, 'சைனஸ்' என்றோ 'மல்டி சிம்ப்டம்' என்றோ போட்டிருக்கும். பெட்டியைத் திருப்பினால் எல்லா மருந்திலும் ஒரே அமைப்பில் ஒரு கட்டம் இருக்கும். அதன் முதல் வரிகளில் உள்ள மருந்துப் பெயர்கள்தான் உண்மையான பெயர். அதற்குக் கீழே எச்சரிக்கைப் பகுதியில் இதய நோய், உயர் ரத்த அழுத்தம், தைராய்டு, சர்க்கரை, புரோஸ்டேட் என்று வரிசையாக இருந்தால், பெரும்பாலும் உள்ளே மூக்கடைப்பு மருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

அடையாள அட்டை கேட்காமல் அலமாரியிலேயே கிடைக்கும் மூக்கடைப்பு மாத்திரைகளில் இருப்பது ஃபீனைல்எஃப்ரின். 'பிஇ' என்ற எழுத்து அதைக் குறிக்கும். பகலுக்கும் இரவுக்கும் என்று விற்கும் கலவைகள் பலவற்றிலும் அது இருக்கும். இதை வாயால் விழுங்கினால் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துபோகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் நிபுணர் குழு, மாத்திரையாக எடுத்தால் இது மூக்கடைப்புக்கு வேலை செய்வதில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் மாத்திரைகளிலிருந்து இதை நீக்க எஃப்டிஏ முன்மொழிந்தது. பயனும் இல்லாத, இதய நோயாளிக்கு எச்சரிக்கையும் போட்ட மருந்தை எதற்கு வாங்க வேண்டும்?

ஊரிலிருந்து பெட்டியில் வரும் சளி மாத்திரைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். சினாரெஸ்ட், செஸ்டன் கோல்ட் போன்றவற்றில் பாராசிட்டமாலோடு ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்திருக்கும். "நம்ம ஊர் மாத்திரைதானே, எத்தனை வருஷமா போடுறேன்" என்பார்கள். அட்டையின் பின்பக்கம் படித்துக் காட்டுங்கள்.

மூக்கடைப்பு மருந்து இல்லாத பெட்டியிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் இரண்டும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும், டெல்மிசார்டான், லோசார்டான் மாதிரி மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். நீர் மாத்திரையும் சேர்ந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் அடிவாங்கும். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். தண்ணீரில் போட்டால் பொங்கும் சளி மாத்திரைகளில் சோடியம் நிறைய உண்டு, இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. அப்புறம் நம் வீட்டு அதிமதுரம். இருமலுக்கு ஒரு துண்டு என்று ஆரம்பித்து நாள் முழுக்க மென்றால் பொட்டாசியம் குறைந்து பிபி ஏறும். சுக்கு, மிளகு போட்ட கஷாயத்தில் பிரச்சினை இல்லை, அதிமதுரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் என்ன கொடுப்பது? காய்ச்சல், உடம்பு வலிக்கு அசெட்டமினோஃபென். நாம் பாராசிட்டமால் என்பதைத்தான் இங்கே அப்படி எழுதுகிறார்கள். பெயர் தெரியாமல் டோலோவையும் டைலெனாலையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றே. மூக்குக்கு உப்புநீர் ஸ்ப்ரே, எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். குவளையால் மூக்கைக் கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையோ கடையில் விற்கும் டிஸ்டில்டு தண்ணீரையோ பயன்படுத்துங்கள். இரவில் தலையணையை உயர்த்தினாலே அடைப்பு ஓரளவு குறையும். இருமலுக்கு வெந்நீரில் தேன். பெட்டியில் 'எச்பிபி' என்று போட்டு பிபி உள்ளவர்களுக்காகவே விற்கும் வகை உண்டு, அதில் மூக்கடைப்பு மருந்து கிடையாது. ஆனால் சிலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கும். வயதானவர் இரவில் எழும்போது தடுமாறக் கூடும், புரோஸ்டேட் வீக்கம் இருப்பவருக்கும் தொந்தரவு. மூக்கில் அடிக்கும் ஆக்சிமெட்டாசோலின் ஸ்ப்ரேயும் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்துதான். டாக்டர் சரி என்றால் மட்டும், அதுவும் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மேலே போனால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும்.

மருந்தாளுநரிடம் பேசக் காசு இல்லை, அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். அப்பாவின் மாத்திரைப் பெயர்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "இவருக்கு பிபியும் ஸ்டென்டும் இருக்கிறது, இந்தப் பெட்டி ஆகுமா?" என்று நேராகக் கேளுங்கள். நான் அன்றைக்கு கவுன்டரில் ஒரு நிமிடம் நின்று இதைக் கேட்டிருந்தால் போதும்.

ஏற்கெனவே மாத்திரை போட்டுவிட்டிருந்தால் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்து பிபி பாருங்கள். 180/120-ஐத் தாண்டினாலும் வேறு தொந்தரவு இல்லை என்றால் சில நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, குறையவில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதுவரை வராத மாதிரி கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் பலமிழப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பிபி எண் எவ்வளவாக இருந்தாலும் அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிடுங்கள். காரில் நீங்களே கூட்டிப் போகாதீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் அந்தச் சளி மாத்திரைப் பெட்டியை அவர்கள் கையில் கொடுங்கள்.