மாய்ச்சரைசருக்கு ஏது பர்ஜிங்?

சித்தி மகள் போன வாரம் நெற்றி நிறையப் பொரிப் பொரியாக வந்து நின்றாள். "இது பர்ஜிங்தான்க்கா, ரிவ்யூல எல்லாரும் சொல்றாங்க, பொறுத்தா சரியாயிடுமாம்" என்றாள். கையில் இருந்தது வெறும் மாய்ச்சரைசர். எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. காசுக்கு எழுதிய ரிவ்யூவை விடுங்கள், நிஜமாகப் பூசியவர்கள் எழுதியதை எப்படிப் படிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

"பொறுங்க, சரியாயிடும்"

ரெட்டினால், சாலிசிலிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் போன்றவை தோல் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டுபவை. உள்ளே அடைபட்டிருந்த துளைகள் அதனால் சீக்கிரம் பருவாக வெளியே தெரியும். பெரும்பாலும் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்து, நாலு முதல் ஆறு வாரத்தில் அடங்கத் தொடங்கும். அதற்குப் பெயர்தான் பர்ஜிங். இந்த மாதிரி எதுவும் கலக்காத மாய்ச்சரைசருக்கு அந்த வேலையே கிடையாது.

இது தெரியாமல் நான் ஒன்பது வாரம் பூசினேன். ஷியா பட்டர் போட்ட கெட்டியான கிரீம், நிறைய ஐந்து ஸ்டார். எனக்கு எண்ணெய் வழியும் முகம், இருப்பதோ புழுக்கமான ஊர். மூன்றாவது வாரம், அதுவரை ஒரு பருகூட வராத நெற்றிப்பொட்டில் சின்னச் சின்ன முடிச்சுகள். நிறுத்தலாமா என்று ரிவ்யூவைத் திறந்தால் "பொறுங்க" என்று ஒருவர். பொறுத்தேன். கிரீமை நிறுத்தியும் தழும்புக் கறை போக மாதக்கணக்காயிற்று.

பிறகுதான் அதே ரிவ்யூக்களை நிதானமாகப் படித்தேன். புகழ்ந்தவர்களில் பாதிப்பேர் "குளிரில் கன்னம் உரியும்", "ஹீட்டர் போட்ட அறை" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் தோலிலிருந்து ஈரம் போவதை அந்தக் கிரீம் தடுத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் தோலும் காற்றும் வேறு.

"முதல் நாளே பளபளப்பு"

கிளிசரினும் சிலிகானும் பூசிய உடனே காட்டும் மினுமினுப்பு அது. மூன்று நாள் ரிவ்யூவில் வாசனை, பிசுபிசுப்பு, எரிச்சல் மூன்றையும் நம்பலாம். கரும்புள்ளி மறைந்ததா, ரெட்டினால் வேலை செய்ததா என்றால் சுமார் 12 வாரம் பூசியவர் சொல்ல வேண்டும். நாள் கணக்கே எழுதாத ரிவ்யூவை மூன்று நாள் ரிவ்யூவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

"எனக்கு ஆய்லி ஸ்கின்"

அந்த வார்த்தையைத் தாண்டி, மதியத்துக்குள் மூக்கு மினுங்கும் என்றோ, கழுவியதும் இழுக்கும் என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள்.

சன்ஸ்கிரீன்

வேர்ப்பவர் எழுதியதை மட்டும் படியுங்கள்.

தங்கையின் கிரீமுக்கு ஒற்றை ஸ்டார் ரிவ்யூக்களை அவளையே படிக்கச் சொன்னேன். நாலாவதிலேயே "மழைக்காலத்தில் பூசினேன், நெற்றியெல்லாம் பொரி" என்று இருந்தது. மூடியைத் திருகி என்னிடமே கொடுத்துவிட்டாள். குதிகாலுக்குப் பூசிக்கொண்டிருக்கிறேன்.