40 நொடிக் கதையில் ஆந்தைத் தாத்தாவுக்கு இடமில்லை

போன மாதம் குழந்தைகளுக்கான ஒலிக்கதை எழுதுவதற்கு ஒரு சிறு பயிற்சி நடத்தினேன். வந்தவர்கள் எட்டுப் பேர். எல்லாருக்கும் ஒரே வேலை: பகிர்ந்து உண்பதைப் பற்றி ஒரு விலங்குக் கதை, சொந்தமாக யோசித்தது, 40 நொடி, இரண்டே குரல், கேட்கிற குழந்தையை உறுத்தாத ஒரு நீதி. எட்டுக் கதைகளையும் கேட்டு முடித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனையும் நான் ஆரம்பத்தில் செய்த கூத்துகள்தான், வரிசை மாறாமல்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், தாளைப் புரட்டும் சத்தம் வரக்கூடாது என்பதெல்லாம் நான் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

40 நொடிக்கு ஒரு பக்கம் எழுதுவது

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் வேகத்தில் 40 நொடிக்குள் அறுபது, அறுபத்தைந்து தமிழ்ச் சொற்களுக்கு மேல் போகாது. அதுவும் மூச்சுவிடாமல் பேசினால்தான். சத்தத்துக்கும் அமைதிக்கும் பத்து நொடி ஒதுக்கிவிட்டால் ஐம்பதுகூடத் தாங்காது. பயிற்சிக்கு வந்த ஒருவர் 140 சொற்கள் எழுதிவிட்டு, கிரிக்கெட் வர்ணனை மாதிரி வாசித்துக் காட்டினார். நேரம் சரியாக வந்துவிட்டது, கதைதான் வரவில்லை.

ஆந்தைத் தாத்தா

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

கதை எப்போதும் இப்படித்தான் தொடங்கும். ஒரு விலங்கிடம் தின்பண்டம் இருக்கும். இன்னொன்று கேட்கும். முதலாவது 'தர மாட்டேன்' என்று சொல்லும். இதுவரை எல்லாரும் நன்றாகவே எழுதுகிறார்கள். அடுத்து அந்த விலங்கின் மனசு மாற வேண்டும், நேரமோ இருபது நொடிதான் மிச்சம். எழுதுகிறவருக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். உடனே மரப்பொந்திலிருந்து ஒரு ஆந்தைத் தாத்தா எட்டிப் பார்ப்பார். ஆந்தை இல்லாவிட்டால் கிழட்டு யானை, ஆமைப் பாட்டி, சிங்க ராஜா, யாரோ ஒருவர். 'குழந்தைகளே, பகிர்ந்து உண்டால் பசி தீரும், பகை தீரும்' என்று ஒரு சொற்பொழிவு. 'ஆமாம் தாத்தா, என் தவறை உணர்ந்தேன்' என்று அந்த விலங்கும் திருந்திவிடும். எட்டில் ஐந்து கதைகளில் இவர் வந்துபோனார்.

பல வருஷங்களுக்கு முன்னால் நானும் இதையே செய்தேன். ஒரு நிறுவனத்துக்காகப் பன்னிரண்டு குட்டிக் கதைகள். அதில் ஏழில் ஏதாவது ஒரு கிழட்டுப் பிராணி வந்து தீர்ப்புச் சொல்லும். பதிவு முடிந்து, சத்தம் சேர்த்து, பெருமையாகக் கொடுத்தேன். அவர்கள் ஒரு வகுப்புக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். முயலும் கீரியும் சண்டை போடும்வரை பிள்ளைகள் அசையவில்லை. யானைத் தாத்தா தொண்டையைக் கனைத்ததுமே ஒரு பையன் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். அடுத்த கதையிலும் அதே இடத்தில் வரிசை கலைந்தது. அந்த ஏழு கதைகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்டுடியோ வாடகை, இரண்டு கலைஞர்களுக்கு மறுபடி சம்பளம், எல்லாம் என் கையிலிருந்துதான் போனது.

தாத்தா வந்தால் மூன்று கெடுதல். அணிலிடம் பண்டம், காகம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குரல் என்ற கட்டு உடைந்து மூன்றாவது குரல் நுழைகிறது. காகமாகப் பேசியவரே குரலைக் கரகரப்பாக்கி ஆந்தையாகவும் பேசுவார், குழந்தைக்குக் காகம் எங்கே போனது என்று குழம்பும். அடுத்து, அவர் பேச்சு குறைந்தது பன்னிரண்டு நொடியைத் தின்றுவிடும், அது கதையில் கால் பங்குக்கு மேல். கடைசியாக, பகிர்ந்தது அணில் இல்லை என்று ஆகிவிடுகிறது. பெரியவர் சொன்னார், அணில் கேட்டது, அவ்வளவுதான். அது கீழ்ப்படிதலைப் பற்றிய கதை.

உங்கள் கதையில் இந்த நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். அறிவுரை சொல்லும் வரிகளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். தாத்தாவே இல்லை, ஆனால் கேட்கிற விலங்கு தானே 'பகிர்ந்தால்தானே நட்பு' என்று பேசினால் அதுவும் அறிவுரைதான், அதையும் அடியுங்கள். மனசு மாறியதற்கு வேறு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை என்றால் கதையே இன்னும் பிறக்கவில்லை.

அப்புறம் எப்படித்தான் மாற்றுவது? பண்டத்தையே மாற்ற வையுங்கள். நான் அந்த ஏழு கதைகளையும் திருப்பி எழுதும்போது கற்றுக்கொண்டது இது. 'எந்த விலங்கு' என்று தொடங்காமல் 'எந்தப் பொருள்' என்று தொடங்கினேன். கையில் தோலோடு ஒரு வேர்க்கடலை இருந்தது. வெளியே பார்த்தால் ஒன்று. உடைத்தால் பெரும்பாலும் இரண்டு பருப்பு. அதற்கு மேல் எனக்கு ஒரு தாத்தாவும் தேவைப்படவில்லை. கடைசியில் நின்ற வடிவத்தைத் தருகிறேன், பக்கத்தில் நொடிக் கணக்கோடு.

அணில்: கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு! ஒரு வேர்க்கடலை! (3)
காகம்: எனக்கும்… கொஞ்சம். (3)
அணில்: கொஞ்சமா? இருக்கிறதே ஒண்ணு! ஒண்ணை எப்படிக் கொடுக்கிறது? (4)
காகம்: காலையிலேருந்து… ஒண்ணும் சாப்பிடலை. (3)
அணில்: நானும்தான்! வேற மரம் பாரு. (3)
காகம்: சரி… நீ சாப்பிடு. (3)
அணில்: சாப்பிடத்தான் போறேன். இப்பவே! (2)
ஓடு கொறிபடும் சத்தம். 'டக்'. (3)
அமைதி. (3)
அணில், மெதுவாக: ரெண்டு இருக்கு. (2)
காகம்: ம். (1)
அணில்: இந்தா. (1)
இரண்டும் மெல்லும் சத்தம். (3)
காகம்: ஒண்ணுதான்னு சொன்னியே? (2)
அணில்: உடைக்கிற வரைக்கும் ஒண்ணுதான்! (3)

மொத்தம் 39 நொடி, கடைசி நொடி சும்மா விட்டது. பேச்சு 34 சொற்கள்தான். அணிலை யாரும் திருத்தவில்லை. அது சொன்ன சாக்கு ஓடு உடைந்ததும் கூடவே உடைந்துபோகிறது. ஓட்டுக்குப் பிறகு வரும் மூன்று நொடி அமைதியில்தான் முழுக் கதையும் நடக்கிறது. அந்த அமைதியைப் பார்த்துப் பயந்துபோய் எடிட் செய்பவர்கள் வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அணில் யோசிக்காமல் கொடுத்ததுபோல ஆகிவிடும். அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பண்டமும் இப்படி உதவாது. வாழைப்பழத்தைப் பாதியாகப் பிட்டால் அது காதில் விழாது. யாராவது 'பாதியாகப் பிட்டது' என்று சொல்ல வேண்டிவரும். நுங்கு எனக்குப் பிடிக்கும், ஆனால் வழக்கமாக மூன்று கண். இரண்டு பேருக்கு மூன்று என்றால் அது வேறு கதை.

மிச்சத்தைக் கொடுப்பது

வயிறு முட்டத் தின்ற குரங்கு, தின்ன முடியாத பழத்தைத் தூக்கிக் கொடுத்தால் அது இடத்தைக் காலி செய்கிறது, அவ்வளவுதான். அணில் 'நானும்தான்' என்று ஒரு சொல் சொல்கிறதே, அதற்காகத்தான். அதற்கும் பசி. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிப் பார்த்தேன். 'அணிலுக்குப் பசிக்கலை, அதான் குடுத்துடுச்சு' என்று முடித்துவிட்டாள்.

இரண்டு குரலுக்கும் ஒரே வேகம்

ஒன்றைக் கீச்சென்று, இன்னொன்றைக் கட்டையாகப் பேசினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. குழந்தையின் காது வேகத்தைத்தான் முதலில் பிடிக்கிறது என்பது என் அனுபவம். அணில் சொல்லின் மேல் சொல்லை ஏற்றிக்கொண்டு ஓடட்டும். காகம் ஒரு சொல், ஒரு நிறுத்தம், அடுத்த சொல். அதனால்தான் காகத்தின் வரியில் புள்ளி புள்ளியாக வைத்தேன். பதிவைப் பக்கத்து அறையில் ஓடவிட்டுக் கதவைச் சாத்திக் கேளுங்கள். சொற்கள் புரியாது. ஆனாலும் யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டும்.

ஒரே ஆள் இரண்டையும் பேசுவதென்றால் மாறி மாறிப் பேசாதீர்கள். நாலாவது வரியிலேயே காகத்துக்கு அணில் குரல் ஒட்டிக்கொள்ளும். அணிலின் வரிகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, காகத்தை எடுங்கள். பிறகு கோத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் இருந்தால் சேர்ந்தே பேசட்டும். தனித்தனியாக எடுத்தால் அந்த 'ம்' வரவே வராது.

'என்றது அணில்', 'என்றது காகம்'

குரல் இருக்கும்போது எதற்கு?

அவித்த கடலை

சிரிக்காதீர்கள், ஒருவர் கொண்டுவந்தார். அவித்த கடலை நசுங்கும், உடையாது. மணலில் வறுத்த தோல்கடலை வேண்டும், ஆறிப்போய் மொறுமொறுப்பாக இருக்கும்போது. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பத்துப் பதினைந்து உடைத்துப் பதிவு செய்து, அதில் நல்ல 'டக்' ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிச்சத்தைத் தின்றுவிடலாம். அந்தச் சத்தமும் வேண்டியிருக்கும்.

'இதனால் அறியப்படும் நீதி'

வேண்டாம்.

ஒரு கதைக்குள் இரண்டாவது கதை

இதில் இப்போதும் மாட்டிக்கொள்கிறேன், அதனால் கொஞ்சம் அடக்கமாகவே சொல்கிறேன். காகம் உணவைக் கண்டால் மறைக்காமல் கரைந்து இனத்தைக் கூப்பிட்டு உண்ணும் என்று குறளே சொல்லியிருக்கிறது (527). காகத்தைக் கஞ்சனாக எழுதி வந்தவருக்கு இதைச் சொல்லித்தான் மாற்றச் சொன்னேன். என் கதையின் முதல் வடிவத்தில் காகம் அந்த ஒற்றைப் பருப்பை வாங்கியதும் 'கா! கா!' என்று கத்தும். 'ஏய், யாரைக் கூப்பிடறே?' என்று அணில் அலறும். தூரத்தில் இருபது காகம் பதில் கொடுக்கும்.

எழுதிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அது எட்டு நொடி. அதைவிட, கேட்டு முடித்த பிள்ளைகள் எல்லாரும் காகக் கூட்டத்தைப் பற்றியே பேசினார்கள், 'ரெண்டு இருக்கு' என்றதை ஒருத்தரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வெட்ட மனசே வரவில்லை, வெட்டினேன். அந்த எட்டு நொடி இன்னும் தனியாக ஒரு கோப்பில் கிடக்கிறது. அதற்கென்று வேறு ஒரு கதை எழுத வேண்டும், அதில் அணில் வராது.