ஹோல்ட் போடேக்க சொல்லுற வரியை முதல்ல மாத்துங்கோ

யாழ்ப்பாணத்தில இருந்து இங்கிலாந்து கோல் எடுக்கிற பிள்ளையளுக்கு ஸ்கிரிப்ட் எழுதிற ஆக்கள், ஹோல்ட் போடுற வரியை முதல்ல பாருங்கோ. நாங்கள் "கொஞ்சம் இருங்கோ" எண்டால் அந்த "ங்கோ"விலயே மரியாதை வந்திடும், ஆனா அதையே "ப்ளீஸ் வெயிட் சேர்" எண்டு இங்கிலீஷில சொன்னா, ப்ளீஸ் போட்டாலும் கட்டளை மாதிரித்தான் கேக்கும், ஏனெண்டால் இங்கிலாந்து ஆக்கள் மரியாதையைக் கேள்வியாக் கேக்கிறதிலதான் காட்டுறவை.

பில் கூடிப்போச்சு எண்டு ஒருத்தர் எடுக்கிறார் எண்டு வையுங்கோ. ஸ்கிரிப்டில இப்பிடிப் போடுங்கோ: "ஐ'ட் லைக் டு செக் லாஸ்ட் மந்த்ஸ் பில். இட் மே டேக் டூ மினிட்ஸ். இஸ் இட் ஓகே இஃப் ஐ புட் யூ ஒன் ஹோல்ட்?" காரணம், நேரம், கேள்வி மூண்டும் இருக்கு. கேட்டிட்டு அவர் ஓகே சொல்லும் வரைக்கும் பட்டனை அமத்தவே கூடாது, கன பேர் கேள்வியைக் கேட்ட கையோட மியூசிக்கைப் போட்டிடுவினம், அப்ப கேட்டதுக்கே அர்த்தமில்லை.

ரெண்டு நிமிசத்தில முடியாட்டிலும் திரும்பி வந்து "தாங்க்ஸ் ஃபோர் வெயிட்டிங்" சொல்லி இன்னும் எவ்வளவு நேரம் எண்டு சொல்லுங்கோ. "சேர்" ஒவ்வொரு வரியிலயும் வேண்டாம், தொடக்கத்தில ஒருக்கா பேரைச் சொல்லிக் கதைச்சாப் போதும்.

ரெக்கோர்டிங்கைப் போட்டுக் கேளுங்கோ, கஸ்டமர் "ஹலோ, ஆர் யூ ஸ்டில் தேர்?" எண்டு கேக்கிற இடத்தில எல்லாம் அந்தப் பிள்ளை ஒண்டும் சொல்லாமல் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கும், அந்த இடத்துக்கு "ஐ'ம் ஜஸ்ட் ஓப்பனிங் யுவர் அக்கவுண்ட்" மாதிரி ஒரு சின்ன வரி எழுதிக் குடுங்கோ.