பிரைவேட் விண்டோவும் எக்ஸ்டென்ஷனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் ஒவ்வொரு கஸ்டமருக்கும் குரோமில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து வேலை பார்ப்பது நல்ல பழக்கம். முன்னால் வந்தவருடைய லாகின் அடுத்தவர் கண்ணில் படாது. ஆனால் அந்த விண்டோவில் தமிழ் தட்டச்சு எக்ஸ்டென்ஷன் வராது. அதைச் சரிசெய்யப் போகும்போதுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக ஒரே தவறுகளைச் செய்கிறார்கள்.

காணோம் என்று அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது

எக்ஸ்டென்ஷன் எங்கும் போகவில்லை. புதிதாகப் போடும் எதையும் இன்காக்னிட்டோவில் குரோம் தானாக ஓடவிடாது, அவ்வளவுதான். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் அதில் செய்துவைத்த செட்டிங்ஸ் போய்விடும், அனுமதியும் பழையபடி ஆஃபிலேயே இருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: சாதாரண விண்டோவில் `chrome://extensions` என்று அடித்து, அந்த எக்ஸ்டென்ஷனின் Details பட்டனை அழுத்தி, கீழே Allow in Incognito என்பதை ஆன் செய்யுங்கள். எட்ஜில் `edge://extensions` போனால் அதே இடத்தில் Allow in InPrivate என்று இருக்கும்.

அனுமதி கொடுத்துவிட்டுப் பழைய டேபையே பார்த்துக்கொண்டிருப்பது

ரீலோட் செய்யுங்கள். பக்கம் திறக்கும்போதுதான் எக்ஸ்டென்ஷன் உள்ளே நுழையும். முன்பே திறந்திருந்த பக்கத்துக்கு அது தானாக வந்து சேராது. இன்னொன்று: அந்தச் சுவிட்சைத் தட்டியதும் குரோம் எக்ஸ்டென்ஷனையே ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறது. அதனால் சாதாரண விண்டோவில் ஓடிக்கொண்டிருந்த டேபிலும் அது திடீரென்று செத்துப்போன மாதிரி தெரியலாம். அங்கேயும் ரீலோட்தான் மருந்து.

ஒன்று போதும் என்கிற இடத்தில் எல்லாவற்றையும் ஆன் செய்வது

இதுதான் பெரிய தவறு. தேவைப்பட்டது தமிழ் தட்டச்சு ஒன்றுதான். ஆனால் Details பக்கத்துக்குப் போனவர்கள், வந்தது வந்தோம் என்று படிவம் நிரப்பும் எக்ஸ்டென்ஷன், காப்பி செய்ததைச் சேர்த்துவைக்கும் எக்ஸ்டென்ஷன், டேப்களைச் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன் என்று எல்லாச் சுவிட்சையும் தட்டிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை; பார்க்கப் பார்க்கக் கோபம் வருகிறது. ஏனென்றால் நட்டம் கஸ்டமருக்கு.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பையன் புது இன்காக்னிட்டோ விண்டோ திறந்து பெயர்க் கட்டத்தில் கர்சரை வைக்கிறான். கட்டத்துக்குக் கீழே ஒரு பெயரும் போன் நம்பரும் எட்டிப் பார்க்கின்றன.

"தம்பி, இது யாரு பேரு? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

காலையில் வந்துபோன வேறொருவருடைய விவரம் அது. விண்டோவை மூடியாயிற்று, குக்கி அழிந்தாயிற்று, ஹிஸ்டரியில் ஒன்றும் இல்லை. பின் எப்படி வந்தது? இன்காக்னிட்டோ அழிப்பது பிரவுசர் வைத்திருக்கும் தடயத்தை மட்டும். எக்ஸ்டென்ஷனுக்கு `chrome.storage` என்று தனிச் சேமிப்பு இருக்கிறது. அதில் நிரந்தரமாக எழுதுவது விண்டோ மூடினாலும் அழியாது. பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்கள் இரண்டு வகை விண்டோவுக்கும் ஒரே பிரதியாக ஓடுகின்றன. ஒரே கணக்குப்பிள்ளை இரண்டு கடை வரவையும் ஒரே பேரேட்டில் எழுதுவது போல, பிரைவேட்டில் அடித்ததும் சாதாரண விண்டோவில் அடித்ததும் அங்கே ஒன்றாகத்தான் சேர்கின்றன. பிரைவேட் விண்டோவில் எதையும் எழுதிவைக்காமல் விட எக்ஸ்டென்ஷன் எழுதியவரால் முடியும். அவர் செய்திருந்தால் உண்டு, குரோம் கட்டாயப்படுத்துவதில்லை. எக்ஸ்டென்ஷன்கள் உங்கள் பிரவுசிங்கைப் பதிவு செய்வதைத் தன்னால் தடுக்க முடியாது என்று அந்தச் சுவிட்சின் பக்கத்திலேயே குரோம் எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் தட்டுவதுதான் பிரச்சினை.

அனுமதி கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். சோதனைக்காக அந்த ஒன்றை மட்டும் ஆன் செய்து, இன்காக்னிட்டோவில் ஏதாவது படிவத்தில் `sodhanai4321` என்று அடியுங்கள். எல்லா இன்காக்னிட்டோ விண்டோவையும் மூடுங்கள். பிறகு சாதாரண விண்டோவில் அந்த எக்ஸ்டென்ஷனின் ஐகானை அழுத்தி, அந்தச் சொல் எங்காவது தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். இன்னும் உள்ளே போய்ப் பார்க்க, `chrome://extensions` பக்கத்தில் Developer mode-ஐ ஆன் செய்து, அந்த எக்ஸ்டென்ஷனின் பெட்டியில் உள்ள service worker இணைப்பை அழுத்துங்கள். திறக்கும் கன்சோலில் இதை அடியுங்கள்:

```
chrome.storage.local.get(null, console.log)
```

காப்பி செய்து ஒட்டப் பார்க்கும்போது குரோம் விடவில்லை என்றால் முதலில் `allow pasting` என்று கையால் அடிக்க வேண்டும். வருகிற பட்டியலில் `sodhanai4321` இருந்தால் அந்த எக்ஸ்டென்ஷனை இன்காக்னிட்டோவில் விடவே கூடாது. இல்லை என்பதால் முழுக்க நம்பிவிடவும் முடியாது. வேறு வகைச் சேமிப்பிலோ தன் சர்வரிலோ அது எழுதியிருக்கலாம்.

ஏற்கெனவே ஆன் செய்துவிட்டவர்கள் சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. சேர்ந்துபோன விவரம் அப்படியே கிடக்கும். எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே அழிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் Remove கொடுங்கள், கம்ப்யூட்டரில் அது சேர்த்துவைத்ததும் சேர்ந்து போகும். சர்வருக்குப் போனது திரும்பாது.

அனுமதித்த அந்த ஒன்றையும் கட்டிப்போடலாம். அதே Details பக்கத்தில் Site access பகுதி இருக்கும். எல்லாத் தளத்துக்கும் என்பதை விட்டு, தமிழில் நிரப்ப வேண்டிய ஓரிரண்டு தளங்களின் முகவரியை மட்டும் அங்கே சேருங்கள். பிறகு அந்தக் கஸ்டமர் பேங்க் பக்கம் திறந்தாலும் எக்ஸ்டென்ஷன் அதைப் படிக்காது. வேறு ஏதாவது தளத்தில் தமிழ் அடிக்க வரவில்லை என்றால் முதலில் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இயல்பாகவே ஓடாததோடு மல்லுக்கட்டுவது

அனுமதி கொடுத்தும் சில விஷயங்கள் மாறாது. இன்காக்னிட்டோவில் புது டேபின் முகப்பை எந்த எக்ஸ்டென்ஷனாலும் மாற்ற முடியாது. செட்டிங்ஸ் பக்கத்தை அழுத்தினால் சாதாரண விண்டோவில் போய்த் திறக்கும்; அது கோளாறு இல்லை, ஒரே பிரதியாக ஓடுவதன் விளைவு. பக்கத்துக்குள் பதிந்து வரும் எக்ஸ்டென்ஷன் பெட்டி திரும்பத் திரும்ப லாகின் கேட்டால், இன்காக்னிட்டோ மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுப்பது காரணமாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறானது ஒன்று உண்டு, அதில்தான் கவனம் வேண்டும். பின்னணியில் ஓடும் பகுதி சாதாரண விண்டோவின் லாகினோடு சர்வரைத் தொடர்புகொள்ளும். கடைக்காரர் தன் கணக்கில் லாகின் செய்து வைத்திருந்தால், கஸ்டமருடைய வேலையும் கடைக்காரர் கணக்கில் போய்ப் பதியக்கூடும்.

கெஸ்ட் விண்டோவில் தேடுவது

அங்கே எக்ஸ்டென்ஷனே கிடையாது.

ஒரு விண்டோவை மட்டும் மூடுவது

திறந்திருக்கும் இன்காக்னிட்டோ விண்டோக்கள் எல்லாம் ஒரே செஷன். மினிமைஸ் செய்த ஒன்று மிச்சமிருந்தாலும் பழைய லாகின் உயிரோடுதான் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் குரோம் வழியைத் தேடுவது

`about:addons` போய், எக்ஸ்டென்ஷன் பெயரை அழுத்தி, Run in Private Windows என்பதில் Allow கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து இங்கேயும் புதிதாகப் போடுபவை பிரைவேட் விண்டோவில் தானாக ஓடாது. இன்ஸ்டால் செய்யும்போது வரும் சிறு பெட்டியிலும் இதே கேள்வி டிக் கட்டமாக வரும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு மறந்துபோன கம்ப்யூட்டராக இருந்தால், `about:addons` பட்டியலில் ஒவ்வொன்றையும் திறந்து, தட்டச்சு தவிர மற்றவற்றுக்கு Don't Allow கொடுத்துவிட்டு வாருங்கள்.