"ஆறு மாசமா" என்று எழுதாதீர்கள்: ஜேர்மனி வீட்டுக்காரருக்கு எழுதும் முறைப்பாட்டுக் கடிதத்தில் நடக்கும் தவறுகள்

திருகோணமலையில் டொச் வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம், ஏ1 சோதனை எழுதி முடிக்க முன்னமே, இந்த வேலை வந்து சேர்ந்துவிடுகிறது. ஜேர்மனியில் இருக்கும் அக்காவோ சித்தப்பாவோ வட்ஸ்அப்பில் இரண்டு மூன்று குரல் பதிவுகளையும் சில படங்களையும் அனுப்பி, "வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் டொச்சில எழுதித் தா" என்பார்கள். வேலைத்தலத்தில் பேசிச் சமாளிக்கிறவர்களுக்கும் அந்த மொழியில் கடிதம் எழுதக் கை வருவதில்லை. பிள்ளைகளும் அகராதியும் கையுமாக இருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் பயப்படுவது இலக்கணப் பிழைக்கு. வேற்றுமை உருபு பிழைத்ததால் யாருக்கும் வாடகை உரிமை போனதில்லை. நல்ல இலக்கணத்தில் எழுதிய ஒரே ஒரு வரியால் போயிருக்கிறது.

காலத்தைக் குழப்புவது

குறிப்பு அநேகமாக இப்படித்தான் வரும்: "ஆறு மாசமா படுக்கையறைச் சுவரில பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. எத்தினை தரம் சொல்லியாச்சு, ஒண்டும் செய்யிறானில்லை." எழுதுகிற பிள்ளை முதல் வசனத்தை அப்படியே மொழிபெயர்க்கும். இரண்டாவது வசனம் கோபமாகத் தெரிவதால், மரியாதை கருதி அதை விட்டுவிடும். கடைசியில் கடிதத்தில் மிஞ்சுவது, "ஆறு மாதங்களாகச் சுவரில் பூஞ்சணம் உள்ளது, தயவுசெய்து திருத்தித் தாருங்கள்" என்பது மட்டும்தான்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அக்கா தனக்கு எதிராகத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்குமூலம் இது. ஜேர்மன் சிவில் சட்டக் கோவையின் 536சி பிரிவின்படி, குடியிருப்பவர் ஒரு குறையைக் கண்டால் தாமதமின்றி வீட்டுக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காததால் அவரால் திருத்த முடியாமல் போயிருந்தால், அந்தக் காலத்துக்கு வாடகைக் குறைப்புக் கேட்க முடியாது. தாமதத்தால் சேதம் பெருத்திருந்தால் அந்த நட்டமும் குடியிருப்பவர் தலையில் விழும். "ஆறு மாதமாகத் தெரிந்திருந்தும் இன்றுதான் அறிவிக்கிறீர்கள்" என்று வீட்டுக்காரர் பதில் எழுதினால், அதற்குச் சான்று அக்காவின் கடிதமேதான்.

ஆகவே எழுதத் தொடங்க முன்னம், மூன்று நாட்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். முதன்முதலில் கண்டது எப்போது? வீட்டுக்காரருக்குச் சொன்னது எப்போது, எந்த வழியில்? அதன்பின் குறை பெருத்தது எப்போது? ஞாபகத்திலிருந்து சொல்ல விடாதீர்கள். போனில் உள்ள படங்களின் திகதியையும் வீட்டுக்காரருடனான உரையாடலையும் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேலே உள்ள குறிப்பையே எடுத்துக்கொண்டால், தேடிப் பார்த்தபின் "ஆறு மாசம்" என்பது நாலரை மாதமாகச் சுருங்கலாம். அப்போது கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வரும்:

"படுக்கையறையின் வெளிச்சுவர் மூலையில், யன்னலுக்கு இடப்பக்கம், அக்டோபர் 30 அன்று உள்ளங்கை அளவான கரும்புள்ளியைக் கண்டோம். நவம்பர் 3 அன்று இரண்டு படங்களுடன் வட்ஸ்அப்பில் உங்களுக்கு அறிவித்தோம். மறுநாள், வந்து பார்ப்பதாகப் பதில் அனுப்பினீர்கள். ஜனவரி 14 அன்று தொலைபேசியில் மீண்டும் நினைவூட்டினோம். இன்று, மார்ச் 17 வரை, திருத்த வேலை தொடங்கவில்லை. கறை இப்போது 60 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம்."

இதில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் "எத்தினை தரம் சொல்லியாச்சு" என்பதில் அக்கா சொல்ல வந்த முழுவதும் திகதியோடு நிற்கிறது.

இங்கிருந்து எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் எங்கள் மணிக்கூடு ஜேர்மனியை விட நாலரை மணித்தியாலம் முந்தி ஓடும், கோடையில் மூன்றரை. அக்கா ஜனவரி 14 இரவு எட்டரைக்கு, "இண்டைக்கு ஹவுஸ்மைஸ்டர் வந்து பாத்திட்டுப் போனவர்" என்று பதிந்து அனுப்பினால், உங்கள் போனில் அது 15ஆம் திகதி அதிகாலை ஒரு மணி என்று காட்டும். அதைப் பார்த்து 15 என்று எழுதினால், ஹவுஸ்மைஸ்டரின் வேலைக் குறிப்பில் 14 என்று இருக்கும். ஒரு நாள் பிழைத்தாலே மற்றத் திகதிகளிலும் சந்தேகம் விழுந்துவிடும். எந்தத் திகதியையும் அங்குள்ள போனில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

அந்த ஹவுஸ்மைஸ்டர் விஷயத்தையும் கவனியுங்கள். அவர் கட்டடத்தைப் பராமரிக்கிறவர். அவரிடம் சொன்னதே வீட்டுக்காரருக்குச் சொன்னதாகக் கணக்கில் வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. அவர் வந்து பார்த்ததை எழுதலாம், ஆனால் அறிவித்த நாளாக வீட்டுக்காரருக்கோ அவருடைய நிர்வாக நிறுவனத்துக்கோ நேரே சொன்ன நாளையே வையுங்கள். வாய்ப்பேச்சும் சட்டப்படி அறிவிப்புத்தான், நிரூபிப்பதுதான் கஷ்டம். போனில் பேசும்போது அத்தான் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே இதுவரை அறிவிக்கவில்லை என்றால், அறிவித்ததாக எழுதவே கூடாது. அன்றைக்கே படத்தோடு ஒரு மின்னஞ்சலை அனுப்பச் சொல்லிவிட்டு, கடிதத்தை ஆறுதலாக எழுதுங்கள். கணக்குத் தொடங்குவது அந்த மின்னஞ்சலில் இருந்துதான்.

கேட்காத விளக்கம் கொடுப்பது

குறிப்பின் கடைசியில் இப்படி ஒரு வரி இருக்கும்: "குளிருக்க உடுப்பை உள்ளுக்கதான் காயப்போடுறம், யன்னல் திறக்க ஏலாது, பிள்ளைக்குத் தடிமன்." அக்கா தன் கஷ்டத்தைச் சொல்கிறார். பூஞ்சண வழக்குகளின் மையச் சண்டையோ இதுதான்: காரணம் கட்டடமா, குடியிருப்பவர் காற்றோட்டம் விடாததா? இந்த வரி போனால் வீட்டுக்காரருக்கு வேறு சான்றே தேவையில்லை. முறைப்பாட்டில் குறையை விவரித்தால் போதும், காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பது உங்கள் வேலையல்ல. நடக்காததை, "ஒழுங்காக யன்னல் திறக்கிறோம்" என்று எழுதவும் வேண்டாம். இன்றிலிருந்து காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் யன்னலை முழுதாகத் திறந்துவிட்டு, நேரத்தையும் ஈரப்பதமானி காட்டும் அளவையும் ஒரு கொப்பியில் குறித்து வரச் சொல்லுங்கள். பிறகு கேள்வி வந்தால் அந்தக் கொப்பி பேசும்.

"கெதியாத் திருத்தித் தாங்கோ"

இது தவணை ஆகாது. திகதி போடுங்கள். பூஞ்சணத்துக்கு இரண்டு கிழமை, மேலே உள்ள கடிதத்தில் மார்ச் 31. நடுக்குளிரில் ஹீற்றிங் நின்றால் ஓரிரு நாள்தான்.

"இனி வாடகை கட்டமாட்டம்"

எழுதாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். குறை இருக்கும் காலத்தில் வாடகை குறைவது சட்டப்படி சரி. ஆனால் எவ்வளவு என்று தானாகக் கணித்து அளவுக்கு மீறிப் பிடித்து, நிலுவை இரண்டு மாத வாடகையை எட்டினால், உடனடியாக வீட்டை விட்டு எழுப்ப வழி திறந்துவிடும். முழுதாகக் கட்டிக்கொண்டு, திருத்தும் வரை வாடகைக் குறைப்பு உரிமையை விட்டுக்கொடுக்காமலே கட்டுகிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். டொச்சில் அது "உன்டர் ஃபோர்பெஹால்ட்". மாதாமாதம் வங்கிப் பரிமாற்றக் குறிப்பிலும் அதைப் போட வேண்டும். அப்படிப் போடாமல், உரிமை தெரிந்தே முழுதாகக் கட்டியவர் பிறகு திருப்பிக் கேட்பது கடினம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை அங்குள்ள குடியிருப்போர் சங்கத்தில் கேட்கட்டும்.

கையெழுத்து

ஒப்பந்தத்தில் பெயர் உள்ள எல்லோரும். அத்தானும்தான்.

அனுப்புவதற்கு முன்

கடிதத்தை அக்காவுக்குப் போனில் வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். ஒவ்வொரு திகதிக்கும் அவர் "ஓம்" சொல்ல வேண்டும். பிறகு அச்செடுத்த கடிதத்தை வாசித்துப் பார்த்த ஒருவர், தானே உறையிலிட்டு வீட்டுக்காரரின் தபால் பெட்டியில் போட்டு, திகதியும் நேரமும் பிரதியில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். அவர் அக்காவின் வீட்டில் குடியிராத ஆளாக இருந்தால் நல்லது.