சர்க்கரை 94 தான், இன்சுலின் எவ்வளவு? வெறும் வயிற்று ரிப்போர்ட்டைக் கணக்கிட்டுப் படிக்கும் முறை

வெறும் வயிற்றில் சர்க்கரை 94 என்று வந்தால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம். 100-க்குள் இருக்கிறதே, போதும் என்று தோன்றுகிறது. அந்த 94-இல் நிறுத்திவைக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்க வேண்டியிருந்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலையை இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். அப்போது கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அப்படி ஈடுகட்ட முடிகிற வரை, பல ஆண்டுகள்கூட, சர்க்கரை ஏறுவதில்லை. இன்சுலினையும் சேர்த்து அளந்தால்தான் அந்தக் கூடுதல் உழைப்பு தெரியவரும்.

படி 1: ரத்தம் கொடுப்பது

8 முதல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் காலையில் செல்லுங்கள்; தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை, இன்சுலின் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். போன மாதச் சர்க்கரையையும் இந்த மாத இன்சுலினையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடைக்குப் பொருளே இல்லை. காய்ச்சல் போன்ற நோய் இருக்கும் நாள்களைத் தவிருங்கள்.

முடி உதிர்வுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடமும் லேபிலும் முன்பே சொல்லிவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது இன்சுலினை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் இன்சுலின் சிதைந்து எண் குறையும். ரிப்போர்ட்டில் அப்படிக் குறிப்பு இருந்தால் மறுபடி எடுப்பதே சரி.

படி 2: கணக்கு

இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட 1985-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட HOMA-IR முறை இது.

```
HOMA-IR = glucose (mg/dL) × insulin (µU/mL) ÷ 405
```

405 எங்கிருந்து வந்தது? சர்க்கரை 81, இன்சுலின் 5 என்பதை இயல்பான அளவாக வைத்துக்கொண்டார்கள். 81 × 5 = 405. ஆகவே இயல்பான ஒருவருக்கு விடை 1-ஐ ஒட்டி வரும்.

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சர்க்கரை 94. முதலாமவருக்கு இன்சுலின் 5; 94 × 5 ÷ 405 = 1.16. இரண்டாமவருக்கு இன்சுலின் 18, விடை 4.18. சர்க்கரையை மட்டும் பார்த்திருந்தால் இருவரும் ஒன்றுதான். உண்மையில் இரண்டாமவரின் கணையம் மூன்று மடங்குக்கு மேல் சுரந்தே அதே இடத்தில் நிற்கிறது.

அலகைக் கட்டாயம் பாருங்கள். சில லேப்கள் இன்சுலினை `pmol/L` அலகில் தருகின்றன. அதை 6-ஆல் வகுத்த பிறகே இந்தக் கணக்கில் போட வேண்டும். இரண்டாமவரின் 18 அங்கே 108 என்று இருக்கும். வகுக்காமல் போட்டால் விடை 25 என்று வந்து வீணாகப் பதறவைக்கும்.

எத்தனைக்கு மேல் இன்சுலின் எதிர்ப்பு? பல ஆய்வுகள் 2-க்கும் 3-க்கும் இடையில் எல்லையை வைக்கின்றன. உலகம் முழுவதும் ஏற்ற ஒரே எல்லை இல்லை, ஏனென்றால் இன்சுலினை அளக்கும் முறை லேபுக்கு லேப் மாறுகிறது. 1.9-க்கும் 2.2-க்கும் இடையே பெரிய வேறுபாடு காண்பதில் பயனில்லை. 1.16-க்கும் 4.18-க்கும் உள்ள இடைவெளியைத்தான் நம்பலாம்.

படி 3: குறைந்த எண் ஏமாற்றும் இடம்

தொடக்கநிலை வாசகர்கள் அதிகம் தவறாகப் படிப்பது இங்கேதான். மூன்றாமவர் ஒருவர்: சர்க்கரை 160, இன்சுலின் 6. கணக்குப்படி 2.37. இரண்டாமவரைவிட இவர் நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்டினால் அது ஆபத்தான பிழை. 160 சர்க்கரைக்கு 6 இன்சுலின் போதாது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் தளர்ந்துவிட்டிருக்கலாம்.

இவருக்கு சி-பெப்டைடு பார்ப்பது உதவும். கணையம் ஒரு மூலக்கூறு இன்சுலின் வெளியிடும்போது கூடவே ஒரு மூலக்கூறு சி-பெப்டைடையும் வெளியிடுகிறது. இன்சுலினில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறது. மிச்சமும் சில நிமிடங்களில் மறைகிறது. சி-பெப்டைடைக் கல்லீரல் அப்படிப் பிடிப்பதில்லை. அது அரை மணி நேரம் அளவுக்கு ரத்தத்தில் தங்குவதால் சுரப்பை நிலையாகக் காட்டுகிறது. மூன்றாமவருக்கு அது 0.9 `ng/mL` என்று வந்தால் லேப் தரும் எல்லைக்குள் இருக்கலாம். ஆனால் சர்க்கரை 160 இருக்கும்போது அது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்பதே செய்தி. அதே சர்க்கரைக்கு 4 என்று வந்திருந்தால், சுரப்பு தாராளம், எதிர்ப்புதான் முதன்மைச் சிக்கல் என்று படிப்போம். 0.6-க்கும் கீழே, அதுவும் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது வந்தால், இன்சுலின் பற்றாக்குறை கடுமையானது. முதல் வகை நீரிழிவா என்று மருத்துவர் ஆராய்வார்.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு படி 2-இன் கணக்கு பொருந்தாது. ஊசி இன்சுலினும் சொந்த இன்சுலினும் ரத்தத்தில் கலந்துவிடும். ஊசி மருந்தில் சி-பெப்டைடு இல்லாததால், அவர்களின் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்பதை அதைக் கொண்டே அறிகிறார்கள். சிறுநீரகம்தான் சி-பெப்டைடை வெளியேற்றுகிறது. ஆகவே சிறுநீரகம் பழுதானவருக்கு எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

படி 4: மறுபடி பார்ப்பது

வெறும் வயிற்று இன்சுலின் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு நிமிடமும் அலைபோலச் சுரக்கும். ஒரே ஒரு எண்ணை வைத்து மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. உணவையும் நடையையும் மாற்றிய இரண்டாமவர் சில மாதம் கழித்துச் சோதித்தால், அதே லேபில், அதே அளவு பட்டினிக்குப் பிறகு சோதிக்க வேண்டும். சர்க்கரை 93 என்று அப்படியே நிற்க, இன்சுலின் 18-இலிருந்து 10-க்கு இறங்கியிருந்தால் விடை 2.3. சர்க்கரையை மட்டும் அளந்திருந்தால், அவர் உழைத்ததற்கு ஒரு புள்ளி மாற்றம்தான் தெரிந்திருக்கும்.